தெளிந்த மருந்து தோலுக்கடியில் திரிவது ஏன்?

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் அம்மாவின் இன்சுலின் குப்பிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று சாப்பாட்டுக்கு முன் போடும் சாதாரண இன்சுலின். இன்னொன்று இரவில் ஒரே ஒரு முறை போடுவது, பெயர் கிளார்ஜின். பார்வைக்கு இரண்டும் தண்ணீர்தான். முதல் முறை வாங்கியபோதே மருந்துக்கடைக்காரர் சொல்லி அனுப்பினார்: “சார், ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்குன்னு ஒரே சிரிஞ்சுல ஏத்திடாதீங்க. திரிஞ்சிடும்.”

திரிஞ்சிடும் என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. பாலில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் நாம் சொல்லும் அதே சொல். அவர் அதைப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கலாம். வேதியியலின்படி அது மிகச் சரியான சொல். பால் திரிவதற்கும், அந்த இரவு ஊசி ஒரு நாள் முழுக்க வேலை செய்வதற்கும் காரணம் ஒன்றே. இரண்டிலும் ஒரு புரதத்தின் நிகர மின்சுமை பூச்சியத்தை நெருங்குகிறது. அது எந்த இடத்தில் நெருங்கும் என்று காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டே கணக்கிட முடியும்.

முதலில் பால். அதிலுள்ள கேசின் என்ற புரதத்தின் துகள்கள் எதிர்மின்சுமை கொண்டவை. ஒரே வகை மின்சுமை உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். அதனால் அவை ஒட்டாமல் மிதக்கின்றன, பால் பாலாக இருக்கிறது. புளிப்பு ஏற ஏற எதிர்மின்சுமை குறைகிறது. பி.எச். 4.6-ஐ எட்டும்போது கேசினில் நேரும் எதிரும் சமமாகிவிடுகின்றன. தள்ளுவதற்கு விசை இல்லை. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. இப்படி ஒரு புரதமோ பெப்டைடோ தன் நிகர மின்சுமையை இழந்து நிற்கும் பி.எச். அளவுக்குச் சமமின் புள்ளி என்று பெயர். கேசினுக்கு அது 4.6. மனித இன்சுலினுக்கு, ஆய்வகத்தில் அளந்தபடி, 5.3-க்கும் 5.4-க்கும் அருகில்.

இன்சுலினின் வரலாற்றிலேயே இந்த எண்ணுக்கு இடம் உண்டு. 1922-ல் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்க ஆரம்பித்த காலத்தில், அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் ஜார்ஜ் வால்டன் என்ற வேதியியலாளர் இருந்தார். கரைசலின் பி.எச்.சைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தால் இன்சுலின் தானாகவே வீழ்படிவாகி அடியில் தங்குவதையும், அழுக்குகளில் பெரும்பகுதி மேலே நீரிலேயே நின்றுவிடுவதையும் அவர் கண்டார். முன்னைவிடப் பலமடங்கு தூய்மையான மருந்து கிடைத்தது. இன்சுலின் எந்த அமினோ அமிலங்களால் ஆனது, எந்த வரிசையில் ஆனது என்பதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது. அந்த வரிசையை ஃபிரெடரிக் சாங்கர் 1950-களில்தான் முழுமையாக வெளியிட்டார். 1958-ல் நோபல் பரிசு பெற்றார். நமக்கு வரிசை தெரியும். ஆகவே வால்டன் சோதனைக்குழாயில் கண்டதை நாம் கூட்டல் கழித்தலில் தேடலாம்.

இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. 21 கொண்ட ஏ சங்கிலி, 30 கொண்ட பி சங்கிலி என இரண்டு சங்கிலிகள். அவற்றைக் கந்தகப் பாலங்கள் பிணைத்திருக்கின்றன. 51 இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். மின்சுமைக் கணக்கில் பெரும்பாலானவர்களுக்கு வேலையே இல்லை. ஒரு சங்கிலியில் அமினோ அமிலங்கள் கோக்கப்படும்போது அவற்றின் அமினோ முனையும் அமில முனையும் பிணைப்புக்குச் செலவாகிவிடுகின்றன. மிஞ்சுவது சங்கிலியின் தொடக்கத்தில் ஓர் அமினோ முனை, இறுதியில் ஓர் அமில முனை, நடுவில் சில குறிப்பிட்ட அமினோ அமிலங்களின் பக்கக் கிளைகள்.

எண்ணிப் பார்ப்போம். எதிர்மின்சுமை தரக்கூடிய அமிலத் தரப்பில், சங்கிலிக்கு ஒன்றாக இரண்டு அமில முனைகள். அவற்றோடு குளூட்டாமிக் அமிலம் நான்கு. இயற்கையில் பரவலாகக் காணப்படும் அஸ்பார்ட்டிக் அமிலம் இன்சுலினில் ஒன்றுகூட இல்லை. டைரோசின் நான்கு உண்டு. ஆனால் அவை கடுங்காரத்தில்தான் விழித்துக்கொள்ளும், நம் கணக்குக்கு ஏறக்குறைய தூங்குபவை. நேர்மின்சுமை தரும் காரத் தரப்பில் இரண்டு அமினோ முனைகள், லைசின் ஒன்று, ஆர்ஜினின் ஒன்று, ஹிஸ்டிடின் இரண்டு. ஆக அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கமும் ஆறு.

இந்த இடத்தில் பலர் ஒரு குழியில் விழுகிறார்கள். இன்சுலினில் ஆறு சிஸ்டீன்கள் இருக்கின்றன. தனியாக இருக்கும் சிஸ்டீன் ஒரு புரோட்டானை இழந்து எதிர்மின்சுமை பெறக்கூடியதுதான். ஆனால் இன்சுலினின் ஆறும் இரண்டிரண்டாகக் கைகோத்துக் கந்தகப் பாலங்களாகிவிட்டவை; இழக்க அவற்றிடம் புரோட்டானே இல்லை. அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அமினோ அமில எழுத்துகளை ஒட்டினால் விடை தரும் இணையக் கருவிகள் பாலங்களைப் பொதுவாகப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கின்றன. ஆறையும் தனிச் சிஸ்டீனாக எடுத்துக்கொண்டால் இரத்தத்தின் பி.எச்.சில் 0.4 அளவுக்கு இல்லாத எதிர்மின்சுமை கணக்கில் ஏறிவிடும்.

இனி ஆறும் ஆறும் கழிந்து பூச்சியம், கணக்கு முடிந்தது என்று எழுந்துவிட முடியாது. ஒவ்வொரு தொகுதியும் எல்லா பி.எச்.சிலும் மின்சுமையோடு இருப்பதில்லை. புரோட்டான் ஏறினால் ஒரு நிலை, இறங்கினால் இன்னொரு நிலை. அமிலத் தொகுதி புரோட்டானை வைத்திருக்கும்வரை மின்சுமையற்றது, இழந்தால் எதிர்மின்சுமை. காரத் தொகுதி நேர்மாறு: புரோட்டானைப் பிடித்திருந்தால் நேர்மின்சுமை, விட்டுவிட்டால் பூச்சியம். கரைசலில் புரோட்டான் எவ்வளவு மலிந்திருக்கிறது என்பதைச் சொல்வதுதான் பி.எச். எண் ஒன்று ஏறினால் புரோட்டான் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று பொருள்.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு குறிப்பிட்ட பி.எச். உண்டு. அங்கே அந்த வகைத் தொகுதிகளில் சரிபாதி புரோட்டானோடும், சரிபாதி இல்லாமலும் இருக்கும். அதற்குப் பி.கே.ஏ. என்று பெயர், மனத்தில் அரைப்புள்ளி என்று வைத்துக்கொண்டால் போதும். ஹிஸ்டிடினின் அரைப்புள்ளி 6.5 என்றால், பி.எச். 6.5-ல் உள்ள கரைசலில் நூறு ஹிஸ்டிடின்களில் ஐம்பது நேர்மின்சுமையோடு இருக்கும். எனவே அந்த இடத்தில் ஒரு ஹிஸ்டிடினின் சராசரி மின்சுமை +0.5. எந்த நொடியிலும் ஒரு தனி மூலக்கூறில் அரை மின்சுமை இருக்காது. கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரியைத்தான் பின்னத்தில் எழுதுகிறோம். நிகர மின்சுமை −2.2 என்று கணக்கு சொன்னால், எந்த மூலக்கூறிலும் அந்த 0.2 தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

அரைப்புள்ளியிலிருந்து விலகினால் பின்னம் எப்படி மாறும்? 1908-ல் அமெரிக்கர் லாரன்ஸ் ஹெண்டர்சன் எழுதிய சமன்பாட்டை டென்மார்க்கின் ஹாசல்பால்க் பின்னர் மடக்கை வடிவுக்கு மாற்றினார். நமக்கு வேண்டியது அதிலிருந்து வரும் இரண்டு வரிகள் மட்டுமே.

```
காரத் தொகுதி:  +1 / (1 + 10^(pH − pKa))
அமிலத் தொகுதி: −1 / (1 + 10^(pKa − pH))
```

இவற்றைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. அரைப்புள்ளியிலிருந்து ஓர் எண் தள்ளிப் போனால் பாதிக்குப் பாதி என்பது பத்துக்கு ஒன்று என்றாகும். இரண்டு எண் தள்ளிப் போனால் நூற்றுக்கு ஒன்று. அதற்கும் அப்பால் போனால், அந்தத் தொகுதி முழுதாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்றே கொள்ளலாம். ஆக, நாம் ஆராயும் பி.எச்.சுக்கு இரண்டு எண் தூரத்துக்குள் எந்தத் தொகுதிகளின் அரைப்புள்ளி இருக்கிறதோ அவைதான் கணக்கை ஆட்டிவைப்பவை. மற்றவை சாட்சிகள்.

அரைப்புள்ளிகளுக்கு நான் எடுத்துக்கொள்ளும் எண்கள் இவை: அமில முனை 3.7, குளூட்டாமிக் அமிலம் 4.3, ஹிஸ்டிடின் 6.5, அமினோ முனை 8.0, டைரோசின் 9.8, லைசின் 10.4, ஆர்ஜினின் 12.3. சிறிய பெப்டைடுகளில் அளந்து பெற்ற மதிப்புகளை ஒட்டியவை. பாடநூலுக்குப் பாடநூல் இவை சற்று மாறும். அந்த மாற்றத்தின் விலை என்ன என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதல் கேள்வி: உடலின் பி.எச். 7.4. அங்கே இன்சுலினின் நிகர மின்சுமை என்ன? அமில முனைகளும் குளூட்டாமிக் அமிலங்களும் தம் அரைப்புள்ளியைவிட மூன்று எண்ணுக்கு மேல் உயரத்தில் இருக்கின்றன. ஆறும் முழு எதிர்மின்சுமை. லைசினும் ஆர்ஜினினும் முழு நேர்மின்சுமை. ஊசலாடுபவை இரண்டே வகை. ஹிஸ்டிடின் 6.5-ஐ 0.9 தாண்டிவிட்டது, பத்தின் அடுக்கு 0.9 என்பது ஏறத்தாழ 7.94, ஒன்றைக் கூட்டி வகுத்தால் 0.11. அமினோ முனை 8.0-க்கு 0.6 கீழே இருக்கிறது. அதே வழியில் போட்டால் 0.80. பேரேட்டில் எழுதினால் இப்படி வரும்:

```
அமில முனை         2 × (−1.00) = −2.00
குளூட்டாமிக்       4 × (−1.00) = −4.00
டைரோசின்          4 × (−0.004) = −0.02
ஹிஸ்டிடின்        2 × (+0.11) = +0.22
அமினோ முனை       2 × (+0.80) = +1.60
லைசின், ஆர்ஜினின்   2 × (+1.00) = +2.00
நிகரம்                        ≈ −2.2
```

ஒவ்வொரு மூலக்கூறிலும் சராசரியாக இரண்டுக்குச் சற்று மேல் எதிர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ள அது போதும். சாதாரண இன்சுலின் நடுநிலைக் கரைசலிலேயே தெளிவாக நிற்பதற்கு இதுவே பெரும் காரணம்.

இரண்டாவது கேள்வி: எந்த பி.எச்.சில் நிகரம் பூச்சியம்? இதற்கு நேரடிச் சூத்திரம் கிடையாது. ஊகித்துப் போட்டுப் பார்த்துக் குறுக்கிக்கொண்டே வர வேண்டும். பி.எச். 4-ல் அதே பேரேட்டைப் போட்டால் நிகரம் +3.3 வருகிறது. 7.4-ல் −2.2. பூச்சியம் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பி.எச். ஏற ஏற நிகர மின்சுமை இறங்கத்தான் செய்யும், இடையில் திரும்பி ஏறாது. அதனால் பூச்சியம் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். நடுப்புள்ளியான 5.7-ல் போட்டால் −0.11, கொஞ்சம் தாண்டிவிட்டோம். 4-க்கும் 5.7-க்கும் நடுவே 4.85-ல் +0.97. இப்படியே ஒவ்வொரு முறையும் இடைவெளியைப் பாதியாக்கினால் 5.4-ல் +0.18, 5.6-ல் −0.02 என்று நெருங்கி, விடை 5.58-ல் வந்து நிற்கிறது. கணினியில் எக்செல் இருந்தால் ஒரு கட்டத்தில் பி.எச்.சை வைத்து, இரண்டு ஹிஸ்டிடினுக்கு `=2/(1+10^(A1-6.5))` என்பதுபோல் வகைக்கு ஒரு கட்டம் அமைத்துக் கூட்டினால் போதும். A1-ஐ மாற்றிக்கொண்டே கூட்டுத்தொகையைப் பார்த்திருக்கலாம்.

கல்லூரியில் படித்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி நினைவிருக்கும். பூச்சிய நிலைக்கு இருபுறமும் உள்ள இரண்டு அரைப்புள்ளிகளைக் கூட்டி இரண்டால் வகுப்பது. இன்சுலினில் குளூட்டாமிக்குகள் எல்லாம் புரோட்டானை இழந்தும், ஹிஸ்டிடின்கள் எல்லாம் பிடித்துக்கொண்டும் இருக்கும்போது ஆறுக்கு ஆறு. எனவே 4.3-ஐயும் 6.5-ஐயும் கூட்டி வகுத்தால் 5.4. ஆய்வகம் சொல்வதும் அதுதானே என்று மகிழத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இது குருட்டு அதிர்ஷ்டம். 5.4-ல் ஒவ்வொரு குளூட்டாமிக்கும் ஏறத்தாழ 7 விழுக்காடு புரோட்டானோடுதான் இருக்கிறது. ஒவ்வொரு ஹிஸ்டிடினும் அதே 7 விழுக்காடு புரோட்டான் இல்லாமல் இருக்கிறது. விழுக்காடு சமம், ஆனால் இவர்கள் நான்கு பேர், அவர்கள் இரண்டு பேர். எதிர்மின்சுமைப் பக்கம் குறைபாடு இரட்டிப்பு. அதனால்தான் முழுக்கணக்கு 5.58 வரை மேலே போகிறது. இருபுறமும் ஒரே ஒரு தொகுதி உள்ள சிறு பெப்டைடுகளுக்குக் குறுக்குவழி சரி. ஒரே வகை பல இருக்கும் இடத்தில் அதை நம்பக் கூடாது.

இப்போது அம்மாவின் இரவுக் குப்பிக்கு வருவோம். கிளார்ஜின் என்பது மனித இன்சுலினில் இரண்டே திருத்தங்கள் செய்த மூலக்கூறு. பி சங்கிலியின் வாலில் இரண்டு ஆர்ஜினின்களைக் கூடுதலாக ஒட்டியிருக்கிறார்கள். ஏ சங்கிலியின் கடைசியில் இருந்த அஸ்பராஜினை எடுத்துவிட்டுக் கிளைசினை வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை 2000-ல் அனுமதித்தது.

மின்சுமைப் பேரேட்டில் இதன் விளைவு எளிது. ஆர்ஜினினின் அரைப்புள்ளி 12.3, நாம் பார்க்கும் எந்த பி.எச்.சிலும் அது முழு நேர்மின்சுமைதான். ஆக எல்லா இடத்திலும் பழைய நிகரத்தோடு +2-ஐக் கூட்ட வேண்டும், அவ்வளவே. புட்டியில் கிளார்ஜினை பி.எச். 4-ல் வைத்திருக்கிறார்கள், அங்கே இன்சுலினின் +3.3, கிளார்ஜினில் +5.3 ஆகிறது. பலமாகத் தள்ளிக்கொள்ளும் மூலக்கூறுகள். அதனால்தான் அந்தத் தெளிவு. உடலின் 7.4-ல் இன்சுலினின் −2.2, கிளார்ஜினில் −0.2 ஆகிவிடுகிறது. தள்ளும் விசை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. ஊசி இறங்கியதும் தோலுக்கடியிலுள்ள திசு நீர் அந்த அமிலத்தை நடுநிலைக்குக் கொண்டுவருகிறது. கிளார்ஜின் அங்கேயே நுண்ணிய வீழ்படிவாகப் படிகிறது. அந்தப் படிவிலிருந்து மெல்ல மெல்லக் கரைந்து வருவதுதான் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு இரத்தத்தில் சேர்கிறது. மருந்துக்கடைக்காரர் சொன்னது போலவே திரிகிறது. ஆனால் வேண்டுமென்றே, வேண்டிய இடத்தில் திரிய வைத்திருக்கிறார்கள்.

அஸ்பராஜினை ஏன் மாற்றினார்கள்? அதுவும் இதே கணக்கோடு தொடர்புடையது. சங்கிலியின் கடைசியில் இருக்கும் அஸ்பராஜின், அமிலக் கரைசலில் நாள்பட இருந்தால் தன் அமைடு பகுதியை இழந்து அஸ்பார்ட்டிக் அமிலமாகச் சிதைகிறது. அதாவது புட்டிக்குள்ளேயே சில மூலக்கூறுகளில் புதிதாக ஓர் அமிலத் தொகுதி முளைத்து, பார்த்துப் பார்த்துக் கட்டிய பேரேட்டில் ஒரு −1 புகுந்துவிடும். கிளைசினிடம் பக்கக் கிளையே இல்லை. சிதைய ஒன்றும் இல்லை.

சரி, கிளார்ஜினின் சமமின் புள்ளி என்ன? இன்சுலினின் நிகரம் −2 ஆகும் இடத்தைத் தேடினால் போதும். 7.2-ல் −1.95, 7.25-ல் −2.01. ஆக என் கணக்கின்படி 7.24. மருந்தின் அதிகாரபூர்வ விவரங்களில் உள்ள எண்ணோ 6.7. அரை எண் இடிக்கிறது. இன்சுலினுக்கும் 5.4-க்குப் பதில் 5.58 வந்தது, அதுவும் அதே திசையில்தான் தவறு.

கூட்டலில் பிழையா என்று இரண்டு முறை பார்த்தேன், இல்லை. பிழை நாம் உள்ளே போட்ட அரைப்புள்ளிகளில் இருக்கிறது. அவை சிறிய, மடியாத பெப்டைடுகளில் அளந்தவை. இன்சுலினோ மடிந்து, தனக்கென்று ஒரு வடிவம் கொண்டது. ஒரு தொகுதிக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் அரைப்புள்ளி நகரும். அருகில் நேர்மின்சுமை இருந்தால் காரத் தொகுதி புரோட்டானைச் சீக்கிரம் விட்டுவிடும். நீர் புகாத உட்புறத்தில் புதைந்திருந்தாலும் மின்சுமை பெறத் தயங்கும். நான் இரண்டு அமினோ முனைகளுக்கும் 8.0 என்று ஒரே எண்ணைக் கொடுத்திருந்தேன். இன்சுலினில் நேரடியாக அளந்தவர்கள் கண்டது வேறு: ஏ சங்கிலியின் முனை 8-ஐ ஒட்டி இருக்கிறது, பி சங்கிலியின் முனையோ 7-ஐ ஒட்டி இருக்கிறது. ஹிஸ்டிடினுக்கும் 6.5 என்பது கல்வெட்டல்ல. பல பாடநூல்களில், தனி அமினோ அமிலத்தில் அளந்த 6.0 என்ற மதிப்புதான் அச்சிடப்பட்டிருக்கும்.

இவ்விரண்டை மட்டும் மாற்றிப் பேரேட்டைத் திரும்ப எழுதினேன். பி சங்கிலியின் அமினோ முனை 7.0, ஹிஸ்டிடின் 6.0, மற்றவை முன்போலவே. இன்சுலின் 5.34-க்கு இறங்கியது. கிளார்ஜின் 6.7-ல் வந்து உட்கார்ந்தது.

இதைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விடை தெரிந்த பிறகு எண்களைத் திருத்தி விடைக்குக் கொண்டுபோவது யாராலும் முடியும். முனையின் 7.0 என்ற எண்ணுக்கு நேரடி அளவீடு துணை இருக்கிறது, ஹிஸ்டிடினின் 6.0-ஐ, இடையில் இடம் இருந்ததால் நான் தேர்ந்துகொண்டேன். வேறு இரண்டு எண்களை நகர்த்தியும் இதே விடையைக் கொண்டுவர முடியும். ஆகவே இந்தப் பொருத்தம் என் எண்கள் உண்மை என்று நிறுவவில்லை. அரை எண் அளவுள்ள முரண்பாட்டை விளக்க இயல்பான அளவு நகர்வே போதும், கணக்கின் அடிப்படை பிழையில்லை என்பதை மட்டுமே அது காட்டுகிறது.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. கணக்கு எங்கே நம்பத்தக்கது, எங்கே இல்லை? தனித்த எண்ணைவிட வித்தியாசத்தை அது நன்றாகச் சொல்கிறது. இரண்டு ஆர்ஜினின்களைச் சேர்த்தால் சமமின் புள்ளி எவ்வளவு மேலேறும் என்று கேட்டால், என் முதல் கணக்கு 1.7 என்றது; அளவீடு 1.3 என்கிறது. திசை சரி, அளவும் கிட்டத்தட்ட சரி. ஒரு மூலக்கூறை எப்படி மாற்றலாம் என்று யோசிக்கிறவருக்கு அதுவே முக்கியம். ஆனால் “7.4-ல் இதன் மின்சுமை −0.2-ஆ, −0.9-ஆ” என்று கேட்டால் காகிதக் கணக்கு சத்தியம் செய்ய முடியாது, என் இரண்டு எண் தொகுப்புகளுமே இவ்விரு விடைகளைத் தருகின்றன. இணையக் கருவி சமமின் புள்ளியை இரண்டு தசம இடங்களோடு அச்சிடும்போது, அந்தக் கடைசி இலக்கத்தை அலங்காரம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே வரிசையை இரண்டு கருவிகளில் போட்டு விடைகள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்பது நல்ல பழக்கம். அந்த விலகல்தான் உண்மையான பிழை வரம்புக்கு நெருக்கமானது.

இந்தக் கணக்கின் கண்ணுக்கே படாதவையும் உண்டு. இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாகத்தோடு சேர்ந்து ஆறு ஆறாகக் கூட்டணி அமைக்கும். கிளார்ஜின் புட்டியிலும் சிறிது துத்தநாகம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தத் துத்தநாகத்தைப் பிடிப்பது பி சங்கிலியின் பத்தாவது இடத்திலுள்ள ஹிஸ்டிடின்தான். நாம் தனி ஆளாக எண்ணிய ஒரு தொகுதி, கூட்டணிக்குள் வேறு வேலையில் இருக்கிறது. வீழ்படிவு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை இந்தக் கூட்டணியும் தீர்மானிக்கிறது. மின்சுமைப் பேரேட்டில் அதற்குப் பத்தியே இல்லை.

ஒரே சிரிஞ்சில் ஏற்றக் கூடாது என்பதன் காரணம் இப்போது விளங்கும். கிளார்ஜின் தெளிவாக இருப்பது பி.எச். 4-ல் மட்டும். சாதாரண இன்சுலின் நடுநிலைக் கரைசலில் இருக்கிறது. இரண்டையும் கலந்தால் பி.எச். நடுவில் எங்கோ போய் நிற்கும். அந்த நடுவில்தான் 5.4-உம் இருக்கிறது, 6.7-உம் இருக்கிறது. தோலுக்கடியில் நடக்க வேண்டியது சிரிஞ்சுக்குள்ளேயே நடந்துவிடும். எவ்வளவு மருந்து எப்போது உடலில் சேரும் என்ற கணக்கு கைவிட்டுப் போகும்.

தோலுக்கடியில் படிந்த கிளார்ஜின் கரைந்து வரும்போது என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடலின் நொதிகள் பி சங்கிலியின் வாலில் நாம் ஒட்டிய இரண்டு ஆர்ஜினின்களையும் வெட்டி எடுத்துவிடுகின்றன. இரத்தத்தில் பெரும்பாலும் சுற்றுவது அப்படி வெட்டப்பட்ட வடிவம்தான். பேரேட்டில் இரண்டு +1 கழிகின்றன; நிகர மின்சுமை பழைய இன்சுலினுடையதற்கே திரும்பிவிடுகிறது. படிந்து நிற்கும்வரை தேவைப்பட்ட ஆர்ஜினின்கள், கரைந்து ஓட வேண்டிய இடத்தில் இல்லை.

வீட்டில் கிளார்ஜின் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிவாகவும் நிறமில்லாமலும் இருந்தால் மட்டுமே போட வேண்டும். கலங்கியிருந்தால் அந்தக் குப்பியைத் தொடாதீர்கள்.